செல்லதாஸின் குரலை அனுப்பிவைத்த பாட்டு

செல்லதாஸ் மஸ்கட்டுக்குப் போனபோது அவனுடைய குரல் கூடப் போகவில்லை. பெட்டி போனது, சட்டை துணிமணி போனது, ஊர் போட்ட மாலை கூட விமான நிலையம் வரைக்கும் போனது, ஆனால் மணலோசை மெல்லிசைக் குழுவில் பதினோரு வருஷம் பாடிய அந்தக் குரல் மட்டும் கூத்தன்கரையிலேயே, கொம்பையா ஒலிபெருக்கி நிலையத்தின் வாசலில் தொங்கிய பழைய குழாய் ஒன்றுக்குள்ளே தங்கிவிட்டது. மறுநாள் காலையில் கொம்பையா குழாயைத் துடைக்கத் துணியை எடுத்தபோது உள்ளேயிருந்து செல்லதாஸ் தொண்டையைச் செருமினான். கொம்பையா துணியை மடித்து வைத்துவிட்டு, "இரு, பெறகு தொடைச்சிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள மூன்று நாள் பிடித்தது, அதுவும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்ததால்தான். குரலுக்குச் சொந்தமாக வார்த்தை கிடையாது என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். ஒரு தாளில் எழுதிக் குழாய்க்குக் கீழே வைத்தால் அதை அப்படியே, செல்லதாஸின் குழைவோடும் அவன் மூச்சு வாங்கும் இடங்களோடும் சொல்லும். அதன்பிறகு கூத்தன்கரையில் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தை அந்தக் குரல் சொன்னது, காணாமல்போன ஆட்டின் அடையாளத்தை அந்தக் குரல் சொன்னது, மூன்று மாதமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவர் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதி அதன் வாயால் திட்டிக்கொண்டார்கள், திட்டு இவ்வளவு இனிமையாக இருந்தால் எப்படிக் கோபப்படுவது என்று ஒருநாள் இருவரும் சேர்ந்து மீன் வாங்கப் போனார்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். ஊருக்கு அது புளிக்கவில்லை, சாதாரணமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அருள்வடிவுக்கு மட்டும் சாதாரணமாகவில்லை. வடிவு பள்ளிச் சீருடை தைக்கிறவள், நாற்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. மணலோசைக் குழுவுக்குப் பாட்டு எழுதியவளும் அவள்தான். தையல் சுண்ணாம்புக் கட்டியால் காக்கித் தாளில் வரி எழுதுவாள், கொம்பையா ஆர்மோனியத்தில் மெட்டைத் தன்னன்னா போட்டுக் கொடுப்பார், செல்லதாஸ் பாடுவான். பதினோரு வருஷத்தில் அவனுக்கும் அவளுக்கும் இடையில் பாட்டைத் தவிர வேறு பேச்சு நடந்ததில்லை என்று ஊர் சொல்லும். ஊர் சொன்னது சரிதான், அதுதான் அவளுடைய துக்கமும். அவன் புறப்பட்ட அன்றைக்குக் கூட "பல்லவி ஞாபகம் இருக்கா" என்றுதான் அவள் கேட்டாள், "இருக்கு" என்றுதான் அவன் சொன்னான்.

ஆகவே குரல் தங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும் வடிவு அடுத்த தெருவிலிருந்து நடந்துவந்து கொம்பையாவிடம் ஒரு பழைய குழாயைக் கேட்டு வாங்கித் தன் தையல் கடையில் மிஷினுக்கு மேலே மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் வேலை முடிந்ததும் குரல் அங்கே வந்துவிடும். அவள் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பாள்: வடிவு, சாப்பிட்டியா. குரல் கேட்கும். அவள் சாப்பிட்டேன் என்பாள். இன்னொரு தாளில் எழுதுவாள்: கண்ணைக் கெடுத்துக்கிடாதே, விளக்கைப் போடு. குரல் சொல்லும், அவள் விளக்கைப் போடுவாள். கடைசியில், கடையைச் சாத்துவதற்கு முன்னால், தினமும் ஒரே தாளை எடுத்து வைப்பாள். அது மடித்து மடித்து ஓரம் நைந்த தாள். நான் இங்கேதான் இருப்பேன், என்று குரல் சொல்லும். தானே எழுதித் தானே கேட்டுக்கொள்கிற வாக்குதான் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அதைக் கேட்டால்தான் அவளுக்கு வீட்டுக்கு நடக்கக் கால் வந்தது. இப்படி நாலு வருஷம் போயிற்று.

நாலாவது வருஷம் ஆனி மாதம் கொம்பையாவுக்கு ஒரு கடிதம் வந்தது. செல்லதாஸ் எழுதியிருந்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. வாய் மட்டும் இருந்து குரல் இல்லாத பிள்ளையும் ஒருவாறு பிழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் பேச்சு எதற்கு. ஆனால் போன மாதம் பாரம் தூக்கும் வண்டி ஒன்று பின்னால் வந்தது, அதன் வழியில் அவனோடு ஒரே அறையில் தங்கும் தோழன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், செல்லதாஸ் பார்த்தான், வாயைத் திறந்தான். தோழனுக்கு இப்போது வலது பாதம் இல்லை. 'அண்ணாச்சி, நான் அவனைக் கூப்பிடத்தான் செஞ்சேன், ஆனா கூப்பிடல. குரல அனுப்பி வைங்க. பாட்டுக்குக் கேக்கல' என்று முடித்திருந்தான்.

கொம்பையா கடிதத்தை வடிவிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அனுப்புவதா வேண்டாமா என்று அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அன்று முழுக்க யோசித்தாள், ஒரு கால்சட்டைக்கு மூன்று கால் வெட்டினாள், மறுநாள் காலையில் கொம்பையாவிடம் போய் அனுப்பிவிடலாம் என்றாள்.

சொல்வது சுலபம். குரலுக்கு ஊர் பிடித்துப்போயிருந்தது. யார் யாரோ 'போயிட்டு வா' என்று எழுதி வைத்துப் பார்த்தார்கள். அது தாளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கோயில் குழாய்க்குள் ஓடிப்போய் மூன்று நாள் வெளியே வரவில்லை, கோயில் மேளக்காரர்கள் அதற்குப் பயந்து மெதுவாக வாசித்தார்கள். ஆனால் குரலின் ஒரு பழக்கம் வடிவுக்குத் தெரியும். பாட்டின் கடைசி வரி எந்த இடத்தில் விடுகிறதோ அந்த இடத்தில்தான் குரல் நிற்கும். ஒருதரம் அவள் எழுதிய பாட்டு மீன் சந்தையில் முடிந்தது, குரல் இரண்டு நாள் சந்தையிலேயே கிடந்து வஞ்சிரம் விற்றது. ஆகவே கடல் தாண்டி மஸ்கட்டில் முடிகிற பாட்டு ஒன்று வேண்டும்.

முதலில் எழுதிய பாட்டுக்கு 'வெள்ளிக் கப்பல்' என்று பெயர் வைத்தாள். குரல் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு கரையைத் தாண்டிக் கடலுக்குள் போவதை ஊரே நின்று கேட்டது, சத்தம் சிறுத்துச் சிறுத்துப் போனது, சரணம் முடிந்தது, பிறகு எல்லாப் பாட்டையும் போல அந்தப் பாட்டும் பல்லவிக்குத் திரும்பியது. பல்லவி தொடங்கியது கொம்பையா கடை வாசலில். குரல் ஒரே தாவில் கடை வாசலுக்கு வந்து நின்று தொண்டையைச் செருமியது. இந்தத் தப்பைச் செய்தவர்கள் பாட்டுக்காரர்கள்தான், வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது; ஆயிரம் பாட்டில் கை தானாகவே சரணத்துக்குப் பின் பல்லவி என்று போட்டுப் பழகியிருந்தது.

"பல்லவிக்குத் திரும்பாம பாட்ட எப்படித்தா முடிப்ப? அந்தரத்துல நிக்குமே" என்று கொம்பையா கேட்டார்.

"தலைப்புல முடிக்கணும் அண்ணாச்சி" என்றாள் வடிவு.

கொம்பையாவுக்குப் புரியவில்லை. தலைப்பு என்றால் பல்லவியின் முதல் வரி, அதுதான் வழக்கம். ஜனங்கள் பாட்டை அந்த வரியை வைத்துத்தான் கேட்பார்கள். கூத்தன்கரையில் தலைப்புக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. முன்னொரு கோயில் கொடைத் திருவிழாவில் அடுத்த பாட்டு எது என்பதில் இரண்டு தெருக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, உரக்கச் சொல்லி, பிறகுதான் பாட்டைத் தொடங்க வேண்டும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்திருந்தது. குரலும் ஊர்க்குரல்தானே, பலகையைப் பார்க்காமல் அது வாய் திறக்காது. அதாவது, பாட்டு எங்கே கொண்டுபோகிறது என்று குரலுக்கு முன்கூட்டித் தெரிவிக்கிற ஒரே இடம் தலைப்பு.

வடிவு எட்டு நாள் தலைப்புத் தேடினாள். 'பிரியாவிடை' என்று எழுதி அடித்தாள். பாட்டு தொடங்கும் முன்பே பாட்டு முடிந்துபோகிறது, ஜனங்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். 'நீல நிலா' என்று எழுதி அடித்தாள். அழகாயிருக்கிறது, ஆனால் கடைசி வரியில் வந்து நின்றாலும் முதலில் எப்படியிருந்ததோ அப்படியேதான் இருக்கும், நடுவில் பாடிய இருபது வரியும் அதை ஒன்றும் செய்யாது. 'அந்த ஒரு வார்த்தை' என்று எழுதியபோது கொம்பையாவே வேண்டாம் என்றார். மூடிவைத்த டப்பாவைக் காட்டினால் ஜனங்கள் திறப்பதைத்தான் பார்ப்பார்கள், பாட்டைக் கேட்க மாட்டார்கள். தலைப்பு மூடியிருக்கக் கூடாது, எல்லாருக்கும் தெரிந்த சாதாரணப் பேச்சாக இருக்க வேண்டும், கேட்டவுடனே ஜனங்கள் இது இன்னாருடைய வாயில் வருகிற வார்த்தை என்று தீர்மானம் செய்துகொள்ள வேண்டும். அந்தத் தீர்மானத்தோடு அவர்கள் பாட்டு முழுக்க நடந்து வந்து, கடைசியில் அதே வார்த்தையை வேறொரு வாயில் பார்க்க வேண்டும். வார்த்தையில் ஓர் எழுத்து மாறக்கூடாது. முதலிலும் அது உண்மையாக இருக்க வேண்டும், கடைசியிலும் உண்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது ஏமாற்று. செல்லதாஸின் குரலை ஏமாற்றி அனுப்ப அவளுக்கு மனசில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கடையைச் சாத்துமுன் கை பழக்கத்தில் அந்த நைந்த தாளை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தாள். நான் இங்கேதான் இருப்பேன், என்றது குரல். வடிவு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷமாக அந்த வரியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதைச் சொல்ல வேண்டியவள் உண்மையில் யார் என்று அன்றுதான் பார்த்தாள். போகிறவன் சொல்கிற வார்த்தையா அது? அன்று அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு வேலை நடந்தது. அந்த வரிக்கு ஓசை தான் தந்தானா தனந்தான். அதைப் பல்லவியில் சொல்லவே கூடாது, ஆனால் அதற்கு ஓர் இடம் மட்டும் காலியாக இருக்க வேண்டும் என்றாள் வடிவு. கொம்பையா பல்லவியின் மூன்று வரிக்குப் பின்னால் அந்த ஓசையை ஆர்மோனியத்தில் தனியாக வாசித்தார், வார்த்தை இல்லாமல். பல்லவி இப்படி அமைந்தது:

கரையைச் சுற்றும் காற்று கேட்டது,
காலையில் வந்து என்னைக் கேட்டது,
எங்கே இருப்பாய் என்று கேட்டது.

அதன்பின் ஆர்மோனியம், தான் தந்தானா தனந்தான். கேள்வியும் இருக்கிறது, பதிலுக்கு இடமும் இருக்கிறது, தலைப்பு பலகையில் இருக்கிறது. கேட்கிறவன் அதைத் தானே எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொள்வான், வைத்தது தான்தான் என்பதால் நம்பவும் நம்புவான். குரலும் அப்படித்தான் நம்பும். முதல் சரணம் ஊருக்குள்ளே நடந்தது, கடை வாசல், சந்தை, கிணறு, பள்ளிக்கூடம் என்று குரலுக்குப் பிடித்த இடமெல்லாம் போய்ப் படகுத்துறையில் நின்றது. மறுபடி அந்தக் கேள்வி, மறுபடி ஆர்மோனியம். இரண்டாவது சரணம் துறையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியது. மூன்றாவது கடல் தாண்டிச் செல்லதாஸின் தொண்டைக்குள் போய் நின்றுவிடும், அதில் கேள்வி திரும்ப வராது. அங்கே கேள்வி கேட்கிற காற்றுக்குப் பதில் சொல்லப்போவது வேறொருத்தி.

"ஜனங்க கடைசி வரைக்கும் தலைப்பு வரலியேன்னு தேடுவாகளே" என்றார் கொம்பையா.

"தேடட்டும். தேடிக்கிட்டே வந்தாத்தான் அது வரும்போது கை நீட்டி வாங்குவாக. நீங்க மட்டும் கடைசி வரிக்குப் பெறகு ஒத்த ஸ்வரம் வாசிக்கக் கூடாது. கைய எடுத்துரணும்."

"உனக்கு என்னத்தா மிஞ்சும்?" என்று கொம்பையா தரையைப் பார்த்துக் கேட்டார். அவள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மூன்றாவது சரணத்தை எழுதத் தொடங்கினாள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலையில் படகுத்துறையில் மணலோசைக் குழு உட்கார்ந்தது. ஊரே வந்திருந்தது, ஆடு தொலைத்தவரும் வந்திருந்தார், அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கொம்பையா பலகையில் எழுதி உரக்கச் சொன்னார்: நான் இங்கேதான் இருப்பேன். கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது, குரலை அனுப்ப இவர்களுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துறையில் கட்டியிருந்த குழாய்க்குள்ளே குரல் பூனை உடம்பை நீட்டுவதுபோல ஒருதரம் நீண்டு, இது நம் பாட்டு என்று வெளியே வந்தது.

பாடியது. முதல் சரணத்தில் ஊரைச் சுற்றிக் காட்டியது, ஜனங்கள் தங்கள் தங்கள் இடம் வரும்போது தலையாட்டினார்கள், ஆர்மோனியம் தனியாக வாசித்த இடத்தில் கூட்டமே உதட்டுக்குள் தலைப்பைச் சொல்லிக்கொண்டது. இரண்டாவது சரணத்தில் சத்தம் தண்ணீர்மேல் நகர்ந்தது. வடிவு துறையின் கடைசிக் கல்லில் நின்றிருந்தாள். மூன்றாவது சரணத்துக்குள் குரல் போனபோது ஊர் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது:

வாயைத் திறந்தும் வார்த்தை இல்லாமல்
வாசலில் ஒருவன் நிற்கின்றான்.
அவனது தொண்டை ஆளற்ற வீடு,
அதற்குள் விளக்கை ஏற்றிவிடு.

இந்த இடத்தில் குரல் தயங்கியது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். தாளம் ஒரு தட்டு பிந்தியது. திரும்பிவிடும் என்றுதான் கொம்பையா நினைத்தார். ஆனால் பலகையில் பார்த்த தலைப்பு இன்னும் வரவில்லை, அது வந்தே தீர வேண்டும், ஆர்மோனியம் இரண்டுதரம் அதற்கு இடம் காட்டிக் காலியாக விட்டிருந்தது, அந்தக் காலியிடத்தை நிரப்பாமல் நிற்க எந்தக் குரலாலும் முடியாது. அது மேலே போனது:

காற்றே, கரையில் நிற்பவள் சொன்னாள்,
கூட வாவென்று கேட்காதே,
திரும்பி வாவென்று அழைக்க மாட்டேன்,
நான் இங்கேதான் இருப்பேன்.

கொம்பையா கையை எடுத்துவிட்டார். ஒரு ஸ்வரம் கூட இல்லை. இருப்பது குரல் அல்ல, அவள் என்று ஊருக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நேரம் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்த வரியை எல்லாரும் வாயோடு நிறுத்திக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தார்கள். கடல் வழக்கம்போலச் சத்தம் போட்டது. குழாய் வெறும் தகரமாக இருந்தது. அண்ணன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வடிவு யாரையும் பார்க்காமல் நடந்து கடைக்குப் போய் மிஷினை மிதித்தாள், அன்றைக்கு ஆறு சட்டை முடித்தாள்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. தண்ணீர் நேரத்தைப் பழையபடி சைக்கிளில் வந்து சொன்னார்கள், திட்ட வேண்டியவர்கள் நேராகத் திட்டிக்கொண்டார்கள். வடிவுதான் சாயங்காலம் ஐந்து மணிக்கு விளக்கைப் போட மறந்து இருட்டில் தைத்தாள்.

பதினேழு நாள் கழித்து மத்தியானம் கொம்பையா தன் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் ஓடி வந்தார். அதை அவளிடம் நீட்டினார், பிறகு தெருப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

குரல் கரகரத்தது. நாலு வருஷம் சும்மா கிடந்த தொண்டைக்குள் புகுந்ததாலோ என்னவோ பழைய குழைவு இல்லை, நடுநடுவே உடைந்தது. கிடங்கில் ஒருநாள் காலையில் தொண்டை அடைத்தது, இருமினேன், மூன்றாவது சரணம் வந்தது, கடைசி வரி பாடி முடித்ததும் பழக்கத்தில் பல்லவிக்கு வாயைத் திறந்தேன், அது வரவில்லை, பேச்சுத்தான் வந்தது என்று சொன்னான். தோழனுக்குத் தினமும் சத்தம்போட்டுக் கதை சொல்கிறேன் என்றான். வடிவு கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்து அவன் என்ன சொல்வான் என்று தெரியாமல் அந்தக் குரலைக் கேட்பது நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, அது அவளுக்குப் பயமாக இருந்தது.

"வடிவு" என்றான் அவன். "கடைசி வரி கேட்டேன். நீயும் வந்திருக்கலாம்லா. நான் பொறப்பட்ட அன்னைக்கி நீ பல்லவியக் கேட்ட, நான் 'கூட வாரியா'ன்னுதான் கேக்கணும்னு நெனச்சேன்."

நாலு வருஷமாக எத்தனையோ சாயங்காலம், எத்தனையோ காக்கித் தாளில், சாப்பிட்டியா என்றும் விளக்கைப் போடு என்றும் அந்தக் குரலுக்கு ஆயிரம் வரி எழுதிக் கொடுத்தவளுக்கு இந்த ஒரு வரியை எழுதத் தோன்றியதே இல்லை. அவன் கேட்பான் என்று அவள் நினைத்ததே இல்லை.

"இன்னொருதரம் சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். பிறகு அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தான். வடிவு வாயைத் திறந்தாள்.